அடுத்த வார இன்டர்வியூ: பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பவருக்கு நேரம் எழுதி அனுப்புவது

கேள்வி: "அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இன்று (மார்ச் 3, 2026, செவ்வாய்) விடிகாலையில் அட்மிஷன் ஆபீசரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. அரை மணி நேர வீடியோ இன்டர்வியூ, அடுத்த வாரத்தில் உங்களுக்குத் தோதான மூன்று நான்கு நேரங்களை அனுப்புங்கள் என்கிறார். போனில் பார்த்தால் அவர்கள் இந்திய நேரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். வேலை முடிந்து இரவு எட்டுக்கு மேல்தான் எனக்கு ஓய்வு. வியாழன் இரவு மட்டும் முடியாது. 'எந்த நேரமானாலும் சரி' என்று எழுதிவிடலாமா? இல்லை நேரம் குறித்துக் கொடுப்பதென்றால் எப்படி எழுதுவது?"

பதில்:

முதலில் அந்தப் பதின்மூன்றரையை அழித்துவிடுங்கள். இன்றைக்கு அது சரிதான். உங்கள் இன்டர்வியூ நடக்கிற வாரத்தில் அது தப்பு.

அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். இந்த ஆண்டு அது மார்ச் 8. அன்று அதிகாலை இரண்டு மணி ஆனதும் மூன்று என்று காட்டும். பசிபிக் நேரம் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால் இருந்தது, அன்றிலிருந்து ஏழு மணி நேரம் பின்னால். இந்திய நேரம் வருடம் முழுக்க ஐந்தரை மணி நேரம் முன்னாலேயே நிற்கிறது. ஆகவே உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே இந்த வாரம் பதின்மூன்றரை மணி நேரம், அடுத்த வாரம் பன்னிரண்டரை.

போனில் இருக்கும் உலகக் கடிகாரம் உங்களை ஏமாற்றவில்லை. "இப்போது அங்கே மணி என்ன" என்ற கேள்விக்கு அது சரியாகவே பதில் சொல்கிறது. உங்கள் கேள்வி வேறு: "10ஆம் தேதி அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே மணி என்ன?" இதற்குத் தேதியையும் கேட்டுக்கொண்டு கணக்குப் போடுகிற கருவி வேண்டும். நேரம் மாற்றித் தரும் இணையதளங்களில் தேதியைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். பலர் அதைத் தொடாமல், இன்றைய தேதியிலேயே கணக்குப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரே வரியில் பார்த்துக்கொள்ளலாம்:

```
TZ="Asia/Kolkata" date -d 'TZ="America/Los_Angeles" 2026-03-10 09:00'
```

இரவு 9:30 என்று வரும். தேதியை `2026-03-03` என்று மாற்றிப் போட்டால் 10:30. அந்த ஒரு மணி நேரம்தான் விவகாரம்.

அது எந்தப் பக்கம் இடிக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். அவர் "செவ்வாய் காலை 9 மணி" என்று உறுதி செய்கிறார். நீங்கள் பழைய கணக்கில் இரவு 10:30 என்று குறித்துவைத்துக்கொண்டு, அரை மணி முன்னதாகவே சட்டை மாற்றி, லேப்டாப் முன்னால் பத்து மணிக்கு உட்காருகிறீர்கள். அவர் ஒன்பதரைக்கே வந்து, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பத்து மணிக்கு அடுத்த மாணவரிடம் போயிருப்பார். மார்ச்சில் நடக்கும் தவறு உங்களைத் தாமதமாகக் கொண்டுபோய் நிறுத்தும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னால் திருப்பும்போது இதே தவறு நடந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்திருப்பீர்கள், நஷ்டமில்லை. பாருங்கள், உங்கள் இன்டர்வியூ நடப்பது மார்ச்சில்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. படிக்கும்போது இரண்டு வருடம் ஒரு துறை அலுவலகத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். இன்டர்வியூ அட்டவணை போடுவதும், வராதவர்களுக்கு "ஏன் வரவில்லை" என்று மெயில் அனுப்புவதும் என் வேலை. மார்ச் இரண்டாவது வாரத்தில் வராமல்போனவர்களின் விளக்கங்களில் கடிகாரக் கதை தவறாமல் வரும். அதற்கு முன்னால் விண்ணப்பதாரராக இருந்தபோது நானே இன்னொரு விதமாக மாட்டிக்கொண்டவன்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது அடுத்த வாரத்தை ஒரு தாளில் வரைவோம். அலுவலக நேரம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து என்று வையுங்கள். அடுத்த வாரக் கணக்கில் அவர்களுடைய காலை ஒன்பது நமக்கு இரவு ஒன்பதரை. அவர்களுடைய மாலை ஐந்து நமக்கு மறுநாள் விடிகாலை ஐந்தரை. மனதில் நிற்க ஒரு வழி: காலையை இரவாக்கி அரை மணி கூட்டுங்கள், அவ்வளவுதான். காலை பத்து என்றால் இரவு பத்தரை. மாலை நாலரை என்றால் விடிகாலை ஐந்து.

ஆக, அவர் மேசையில் இருக்கும் எட்டு மணி நேரமும் உங்கள் இரவுக்குள் விழுகிறது. அதில் மனிதர் விழித்திருக்கக்கூடிய ஓரங்கள் இரண்டு. முன்னிரவில் ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை ஒன்று, விடிகாலையில் ஐந்தை ஒட்டி ஒன்று. இந்த வாரமாக இருந்தால் விடிகாலை ஓரம் இன்னும் வசதியாக இருந்திருக்கும், ஏனென்றால் அவர்களுடைய மாலை நாலரை இப்போது நமக்கு ஆறு மணி. கடிகாரம் மாறியதும் அது ஐந்துக்கு வந்துவிடுகிறது. பதிலுக்கு முன்னிரவு ஓரம் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்குகிறது. அதனால் மார்ச் 8க்குப் பிறகு இரவுப் பக்கத்தையே நம்புங்கள், விடிகாலையை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விடிகாலை ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. முன்னிரவு நேரங்களில் தேதி இரண்டு பக்கமும் ஒன்றே: உங்களுக்குச் செவ்வாய் இரவு என்றால் அவருக்குச் செவ்வாய் காலை. விடிகாலையில் அப்படி இல்லை. உங்களுடைய வியாழன் ஐந்து மணி அவருடைய புதன் மாலை நாலரை. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். எனக்கு வசதியான வியாழன் விடிகாலையை மனதில் வைத்துக்கொண்டு, மணியை மட்டும் அவர்கள் நேரத்துக்கு மாற்றி, கிழமையை அப்படியே விட்டு, "வியாழன் மாலை" என்று எழுதி அனுப்பினேன். அவரும் சரி என்றார். வியாழன் விடிகாலை எழுந்து குளித்து, காத்திருப்பு அறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் கறாராகவே ஒரு மெயில் போட்டேன். "நமது சந்திப்பு நாளைக்கு அல்லவா, உங்கள் நேரப்படி வெள்ளி காலை?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஒரு நாள் முன்னதாகப் போனதில் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அந்தக் கறாரான மெயிலைத்தான் இன்றுவரை திரும்பப் படிக்க முடியவில்லை.

இதே காரணத்தால் வாரத்தின் இரண்டு நுனிகளையும் பாருங்கள். உங்கள் திங்கள் விடிகாலை அங்கே ஞாயிறு மாலை, அதைக் கொடுத்துப் பயனில்லை. உங்கள் சனி விடிகாலை அங்கே வெள்ளி மாலை. கணக்குப்படி அது வேலை நேரம்தான், ஆனால் வெள்ளி மாலை நாலரைக்கு யாரும் புதிதாக ஓர் இன்டர்வியூவைத் தொடங்க ஆசைப்பட மாட்டார்கள்.

"எந்த நேரமானாலும் சரி" என்று எழுதாதீர்கள். மரியாதை என்று நினைத்துத்தான் எழுதுகிறோம். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், கணக்குப் போடும் வேலை முழுக்க அவர் தலையில் விழுகிறது. உங்கள் ஊர் நேரத்தில் அரை மணி ஒட்டிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரியாது. பன்னிரண்டா பதின்மூன்றா என்று தடுமாறி, தன்னுடைய பகல் இரண்டு மணியைக் கொடுத்துவிடுவார். அது உங்களுக்கு விடிகாலை இரண்டரை. எந்த நேரமும் சரி என்று சொன்ன பிறகு மறுக்கவும் முடியாது. நீங்கள் உண்மையிலேயே விழித்திருந்து நிதானமாகப் பேசக்கூடிய நேரங்களை மட்டும் கொடுங்கள். நடு இரவு இரண்டு மணிக்கு நன்றாகப் பேசுவேன் என்று நினைத்தால், ஒரு நாள் அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து, ஏன் இந்தப் படிப்பு என்று சத்தமாக இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். அதன் பிறகு அந்த நேரத்தைப் பட்டியலில் சேர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

இன்னொரு விஷயம், புள்ளியாகக் கொடுக்காமல் இடைவெளியாகக் கொடுங்கள். "செவ்வாய் 9:00" என்று மட்டும் எழுதினால், அவருக்கு 9:00க்கு வாராந்திரக் கூட்டம் இருந்தால் அந்த நாளே போய்விடும். "செவ்வாய் 9:00 முதல் 11:00 வரைக்குள் எந்த அரை மணியும்" என்றால் அதே நாளில் நான்கு வாய்ப்புகள் அவர் கையில் இருக்கும். மெயில் ஒரு முறை போய்த் திரும்ப உங்களுக்கு ஒரு முழு நாள் ஆகிறது என்பதை மறக்க வேண்டாம். அவர் மேசைக்கு வரும்போது நீங்கள் படுக்கைக்குப் போகிறீர்கள். நீங்கள் படிப்பதற்குள் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். ஒரே ஊரில் பத்து நிமிடத்தில் முடிகிற "அது இல்லையென்றால் இது?" இங்கே மூன்று நாள் இழுக்கும்.

உங்கள் வாரத்துக்கு வருவோம். திங்கள், மார்ச் 9 வேண்டாம். கணக்கில் இடம் இருக்கிறது, ஆனாலும் நான் விட்டுவிடுவேன். கடிகாரம் மாறிய மறுநாள் அது. அந்தப் பக்கத்திலும் ஒரு மணி நேரத் தூக்கம் போய், காலைக் கூட்டங்களுக்குத் தடுமாறி வருவார்கள். உங்கள் மெயிலுக்கான பதிலும் வார இறுதியில் சிக்கிக்கொண்டால் திங்கள் வரை உறுதியாகாது. செவ்வாய் இரவு, புதன் இரவு, வெள்ளி இரவு மூன்றும் உங்களுக்குக் காலி. வியாழன் இரவு இல்லை. மூன்றுமே அவருக்குக் காலை நேரமாக அமைவதால், மாலையில்தான் இன்டர்வியூ வைப்பேன் என்கிற ஆளாக இருந்தால் கைகொடுக்க ஒரு விடிகாலையையும் சேர்க்கலாம்: அவருடைய புதன் மாலை நாலரை, உங்களுடைய வியாழன் காலை ஐந்து. புதன் இரவு பதினொன்றரை வரையும் கொடுத்திருக்கிறீர்களே, உடனே அடுத்த விடிகாலையா என்று தோன்றும். அவர் இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பார்.

மெயிலை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள். உள்ளடக்கத்தையும் வரிசையையும் தமிழில் சொல்கிறேன், அதே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்:

"இன்டர்வியூவுக்கு அழைத்ததற்கு நன்றி. கீழ்க்கண்ட நேரங்களில் எப்போது வேண்டுமானாலும் அரை மணி நேரம் பேச முடியும். எல்லாமே உங்கள் பசிபிக் நேரத்தில், மார்ச் 8 கடிகார மாற்றத்துக்குப் பிந்தைய கணக்கில் கொடுத்திருக்கிறேன்.

செவ்வாய், மார்ச் 10, காலை 9:00 முதல் 11:00 வரை (எனக்கு அதே நாள் இரவு 9:30 முதல் 11:30 வரை)

புதன், மார்ச் 11, காலை 9:00 முதல் 11:00 வரை (எனக்கு அதே நாள் இரவு 9:30 முதல் 11:30 வரை)

புதன், மார்ச் 11, மாலை 4:30 முதல் 5:00 வரை (எனக்கு மார்ச் 12, வியாழன், காலை 5:00 முதல் 5:30 வரை)

வெள்ளி, மார்ச் 13, காலை 9:00 முதல் 11:00 வரை (எனக்கு அதே நாள் இரவு 9:30 முதல் 11:30 வரை)

முதல் தேர்வு செவ்வாய். உங்கள் பதில் வரும்வரை நான்கையும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அந்த வாரம் நீங்கள் வேறு டைம் ஸோனில் இருந்தால் சொல்லுங்கள், நேரங்களை மாற்றி அனுப்புகிறேன்."

கீழே பெயரும் விண்ணப்ப எண்ணும். புதிய மெயிலாகத் தொடங்காமல் அவர் அனுப்பியதற்கே பதிலாகப் போடுங்கள், அவர் தேட வேண்டியிருக்காது.

இந்தச் சின்ன மெயிலில் சில இடங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அவர் நேரம் முன்னால், உங்கள் நேரம் பின்னால். அவர் காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கும்போது, முதலில் கண்ணில் படும் எண் அப்படியே காலண்டரில் போடக்கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் நேரம் அங்கே இருப்பது சரிபார்க்க. நீங்கள் கணக்கில் தப்பியிருந்தால் இரண்டு எண்களும் ஒத்துப்போகாது. அவரோ அவர் காலண்டரோ அதைப் பிடித்துவிட வாய்ப்பு உண்டு. ஒரே நேரத்தை மட்டும் எழுதினால் தவறு வெளியே தெரியவே தெரியாது.

தேதியை எண்ணாக எழுதாதீர்கள். 10/03 என்று நீங்கள் எழுதினால் அமெரிக்கரின் கண்ணுக்கு அது அக்டோபர் 3. மாதத்தின் பெயரை எழுதுங்கள், கிழமையையும் சேருங்கள். கிழமையும் தேதியும் ஒன்றையொன்று காவல் காக்கும். இரவு பன்னிரண்டு மணியைத் தொடும் நேரங்களையும் தவிர்த்துவிடுங்கள். "செவ்வாய் 12 மணி" என்பது செவ்வாயின் தொடக்கமா முடிவா என்று நம் வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்து வரும். என் பட்டியலில் இரவு நேரங்கள் எல்லாம் பதினொன்றரையோடு முடிந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

பசிபிக் நேரம் என்று வார்த்தையில் எழுதினேன், PST என்று எழுதவில்லை. அதில் இருக்கும் நடு எழுத்து குளிர்கால நேரத்தைக் குறிக்கிறது. மார்ச் 8க்குப் பிறகு அங்கே ஓடுவது PDT. `IST` இன்னும் மோசம். அது இந்திய நேரத்துக்கு மட்டுமான சுருக்கம் இல்லை. இஸ்ரேலும் அதையே எழுதுகிறது, அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் அதே மூன்று எழுத்துதான். "இந்திய நேரம், UTC+5:30" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. இலங்கையிலிருந்து எழுதுகிறவர்களுக்கும் எண் அதேதான், பெயர் மட்டும் மாறும்.

சிக்கல் என்னவென்றால், நீங்கள் ஒழுங்காக எழுதினாலும் அவர் ஒழுங்காக எழுத மாட்டார். "செவ்வாய் 10 AM PST, சந்திப்போம்" என்று பதில் வரும். எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் அது உங்கள் இரவு பதினொன்றரை. அவர் சொல்ல வருவது தன் சுவர்க் கடிகாரத்தில் பத்து, அதாவது உங்கள் பத்தரை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சுவர்க் கடிகாரத்தைத்தான் சொல்கிறார்கள், அந்த எழுத்துகளைப் பழக்கத்தில் வருடம் முழுக்கத் தட்டுகிறார்கள். ஆனாலும் ஊகத்தில் விடாதீர்கள். திருத்துகிற தொனியும் வேண்டாம். "நன்றி. செவ்வாய், மார்ச் 10, உங்கள் உள்ளூர் நேரம் காலை 10:00, எனக்கு இரவு 10:30, அப்போது இணைகிறேன்" என்று உறுதி செய்யும் மெயிலிலேயே திருத்தத்தை உள்ளே வைத்துவிடுங்கள். அவர் தப்பாக நினைத்திருந்தால் சொல்வார், இல்லையென்றால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அனுப்ப வேண்டிய நேரம் இன்றிரவு பத்துக்குள். இந்த வாரம் இன்னும் பதின்மூன்றரைக் கணக்குதான் என்பதால், அவர் அலுவலகம் உங்களுக்கு இரவு பத்தரைக்குத் திறக்கிறது. அதற்குள் போனால் காலையில் முதலில் பார்க்கும் மெயில்களில் உங்களுடையதும் இருக்கும். நாளைக் காலை உங்களுக்குப் பதில் கிடைத்துவிடலாம். அதிலும் ஏதாவது ஒத்துவராமல் போனால் இன்னும் இரண்டு சுற்றுக்கு வாரத்தில் இடம் இருக்கிறது. வெள்ளி வரை தள்ளிப்போட்டால் கதை வேறு. உங்கள் சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவர்கள் வாரம் முடிந்துவிடும். அப்புறம் திங்கள் இரவு ஒன்பதரை வரை அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

மெயிலின் கடைசி வரி, வேறு டைம் ஸோனில் இருந்தால் சொல்லுங்கள் என்பது, வெறும் உபசாரமில்லை. அட்மிஷன் அலுவலர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள், மாணவர் கண்காட்சி, கல்லூரி வருகை என்று. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் வேறு மாநிலத்தில் குடியிருக்கலாம். பல்கலைக்கழகம் மேற்குக் கரையில் இருப்பதால் ஆளும் அங்கேயே இருக்கிறார் என்று முடிவுகட்ட முடியாது. அவர் கிழக்குக் கரையில் இருந்தால் அடுத்த வாரம் வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம்தான். அப்போது உங்கள் மாலை ஆறரை அவருடைய காலை ஒன்பது. உங்களுக்கு எட்டு மணிக்கு மேல்தான் முடியும் என்றாலும், இரவு எட்டரை அவருக்குப் பதினொன்று, மிகவும் சௌகரியமான நேரம். கேட்காமல் விட்டால் இந்த வசதி தெரியாமலேயே போய்விடும். அவர் மெயில் தலைப்பில் இருக்கும் அனுப்பிய நேரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது சர்வரின் நேரமாகவும் இருக்கலாம், நம்ப வேண்டாம். நேராகக் கேட்டால் ஒரு வரியில் முடிகிறது.

அரிசோனாவில் விண்ணப்பித்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு குறிப்பு. அந்த மாநிலத்தின் பெரும்பகுதியில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, உங்கள் பன்னிரண்டரை வருடம் முழுக்கப் பன்னிரண்டரைதான். பிரிட்டனில் மாற்றுவார்கள், ஆனால் மார்ச் கடைசி ஞாயிறன்று, இந்த ஆண்டு 29ஆம் தேதி. சிட்னி, மெல்போர்ன் பக்கம் ஏப்ரல் முதல் ஞாயிறன்று கடிகாரம் பின்னால் போகிறது, அதாவது எதிர்த் திசையில். ஒரே வசந்த காலத்தில் மூன்று நாடுகளுக்கு விண்ணப்பித்திருந்தால், ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதியோடு தனியாகக் கணக்குப் பாருங்கள். ஒன்றுக்குப் பார்த்ததை மற்றதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

சில அலுவலகங்கள் நேரம் கேட்காமல், முன்பதிவு லிங்க் அனுப்பிவிடும். காலியாக இருக்கும் நேரங்களைக் காட்டும், நீங்கள் தொட்டால் போதும். அது பெரும்பாலும் உங்கள் கணினியின் டைம் ஸோனை எடுத்துக்கொண்டு நேரங்களை மாற்றிக் காட்டும், கடிகார மாற்றமும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். தொடுவதற்கு முன் பக்கத்தில் எங்கேயோ சின்ன எழுத்தில் எந்த ஸோன் என்று போட்டிருப்பதைத் தேடிப் படியுங்கள். அலுவலக லேப்டாப்பை வேறு நாட்டு நேரத்தில் வைத்து வேலை பார்க்கிறவர்கள் இங்கே அழகாக ஏமாறுகிறார்கள்.

அவர் காலண்டர் அழைப்பு அனுப்பினால் அதையே இறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஸோனும் தேதியும் சேர்ந்தே இருக்கும், உங்கள் காலண்டர் உங்கள் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். அதில் தெரிகிற நேரமும் மெயிலில் பேசிய நேரமும் ஒத்துப்போகிறதா என்று ஒரு பார்வை. ஒரு மணி நேரம் தள்ளியிருந்தால் யாரோ ஒருவர் மார்ச் 8ஐ மறந்திருக்கிறார். அன்றே கேட்டுவிடுங்கள். அழைப்பு வராவிட்டால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நிகழ்வுக்கான ஸோனை அங்கே `America/Los_Angeles` அல்லது பசிபிக் என்று வைத்து, அவருடைய காலை 10:00 என்று பதியுங்கள். மாற்றும் வேலையைக் காலண்டர் செய்யட்டும். திரையில் இரவு 10:30 என்று வந்தால் உங்கள் கணக்கும் அதன் கணக்கும் ஒன்று.

இத்தனைக்கும் பிறகு நாள் அன்று ஏதாவது பிசகி, ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றால், அந்த நிமிடமே எழுதுங்கள். அவருக்கு அப்போது காலை பதினொன்று இருக்கும், மேசையில்தான் இருப்பார். "கடிகார மாற்றத்தைக் கணக்கில் எடுக்கத் தவறினேன், தவறு என்னுடையது" என்று ஒரு வரி, அடியில் புதிதாக மூன்று நேரங்கள். முதல் நேரம் மறுநாளே இருக்கட்டும். நீண்ட மன்னிப்பு வேண்டாம், படிக்க அவருக்கு நேரம் இருக்காது. நான் அலுவலகத்தில் இருந்தபோது இப்படி உடனே எழுதியவர்களுக்கு மாற்று நேரம் கொடுத்துவிடுவோம். இரண்டு நாள் கழித்து நெட் போய்விட்டது, உடம்பு சரியில்லை என்று எழுதியவர்களின் மெயிலைத்தான் ஆபீசர் இரண்டு முறை படிப்பார்.

நீங்கள் செவ்வாயை முதல் தேர்வாக வைத்தால் இன்னொரு சின்ன வசதி இருக்கிறது. ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு அந்த உலகக் கடிகாரத்தை மறுபடி திறந்து பாருங்கள். அதற்குள் அங்கே கடிகாரம் மாறியிருக்கும். ஞாயிறு காலை ஒன்பது என்று காட்டினால், பட்டியலில் நீங்கள் எழுதி அனுப்பிய நேரங்கள் சரி.